வெள்ளை உப்பு விலகியது வடிகால் வெட்டிய பிறகுதான்

என் வயலில் பாரின் முகட்டில் மட்டும் மாவு தூவியது போல உப்புப் பூத்திருந்தது, சாலுக்குள் இல்லை. ஜிப்சம் போட்டேன், பலனில்லை. பரிசோதனையில் பிஎச் 8.1, மின்கடத்துதிறன் மீட்டருக்கு 9 டெசிசீமன்ஸ். அதாவது கரையும் உப்பு மிகுந்த உவர் மண், சோடியம் மிகுந்த களர் அல்ல. ஜிப்சம் களருக்குத்தான், இங்கே அதற்கு வேலையே இல்லை.

சரி, உப்பைக் கரைத்துக் கீழே இறக்கலாம் என்று தண்ணீரைத் தேக்கினேன். பத்தே நாளில் உப்பு இன்னும் தடித்தது. கடுப்பில் ஒரு குழி தோண்டியபோது இரண்டடியிலேயே நீர் ஊறியது. அந்த நீர்தான் மண் வழியே மேலேறி, முகட்டில் ஆவியாகி, உப்பை விட்டுப் போகிறது. நான் தேக்கியது அதை உயர்த்தியதுதான் மிச்சம்.

தாழ்ந்த ஓரத்தில் ஆறடி ஆழ வடிகால் வெட்டினேன். குழிநீர் ஐந்தடிக்கு இறங்கிய அப்புறமே தேக்கினேன், வடியவிட்டு, மறுபடியும், மூன்று தடவை. மேல்மண்ணின் மின்கடத்துதிறன் இப்போது 3.5.