90 விழுக்காடு உடன்பாடு போதாமல் போனபோது

வெள்ளச் செய்திகளைப் பற்றிய எங்கள் உள்ளடக்கப் பகுப்பாய்வுக் கட்டுரையில் "குறியீட்டாளர்களின் உடன்பாடு 90 விழுக்காடு" என்ற ஒற்றை வரி போதாது என்று மதிப்பாய்வாளர் எழுதியிருந்தார். அதனால் "அரசின்மீது பழி" என்ற மாறியைத் தனியே எடுத்துப் பார்த்தேன். செய்தியில் அந்தப் பழி உண்டா, இல்லையா என்று குறித்த குறியீட்டாளர்கள் இருவரும் 100 செய்திகளில் "இல்லை" என்றவை 88, "உண்டு" என்றவை 2, முரண்பட்டவை 10. அவற்றில் "உண்டு" என்றது ஆளுக்கு 5. அரிதாக வரும் மாறியில் "இல்லை" என்றே குறித்துக்கொண்டு போனாலும் உடன்பாடு உயர்ந்துவிடும் என்பதால், தற்செயல் பொருத்தத்தைக் கழித்துப் பார்க்கும் கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபா 0.24 மட்டுமே வந்தது. பொதுவாக எதிர்பார்க்கப்படுவது 0.80.

முரண்பட்டவற்றைப் படித்தபோது, பெரும்பாலானவற்றில் பழி எதிர்க்கட்சியினரின் மேற்கோளில் மட்டுமே இருந்தது. மேற்கோளும் கணக்கில் சேரும் என்று குறியீட்டுக் கையேட்டைத் திருத்தி, பேசித் தீர்த்த செய்திகளை விலக்கி, புதிய மாதிரியில் இருவரையும் தனித்தனியே குறியிடச் செய்தோம். பேசித் தீர்த்தபின் கிடைக்கும் உடன்பாட்டை நம்பகத்தன்மையாகக் காட்டுவதை நான் ஏற்பதில்லை. எனவே ஒவ்வொரு மாறியின் ஆல்ஃபாவையும் அட்டவணையில் தந்து, அவை கலந்துபேசுவதற்கு முன் கணக்கிடப்பட்டவை என்றும், எஞ்சிய முரண்பாடுகளை இருவரும் பேசித் தீர்த்தனர், அப்படியும் தீராதவற்றை மூன்றாம் ஆய்வாளர் முடிவுசெய்தார் என்றும் எழுதினோம்.