எழுந்தவர் மறுபடி தூங்கலாம்

எண்டோஸ்கோபிக்கு மிடாசோலம் என்ற மயக்க மருந்து போட்டு, மயக்கம் அதிகமாகிவிட்டால் தெளிய வைக்க ஃப்ளூமாசெனில் கொடுப்பார்கள். முதலில் 0.2 மி.கி. நரம்பில் ஏற்றி, ஒரு நிமிடம் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு 0.2. ஓரிரு நிமிடத்தில் நோயாளி கண் திறந்து, "முடிஞ்சிடுச்சா?" என்று கேட்பார். சரி, தெளிந்துவிட்டார் என்று அனுப்பிவிடக் கூடாது.

ஃப்ளூமாசெனில் மிடாசோலத்தை உடம்பிலிருந்து வெளியேற்றுவதில்லை. மூளையில் அது உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இதன் வேகம் குறையும்; மிடாசோலம் இன்னும் ரத்தத்தில் இருந்தால் பழைய இடத்துக்கே திரும்பும். இமை சரியும், பேச்சு குழறும். அதனால் கடைசி டோஸுக்குப் பிறகு குறைந்தது 2 மணி நேரமாவது பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

மார்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகளுக்கு முறிவு நலாக்சோன். அதிலும் இதே கதைதான். அதே வகையைச் சேர்ந்த மெத்தடோன் என்றால் ஆபத்து இன்னும் அதிகம்: நலாக்சோன் வேலை செய்வது 30 முதல் 90 நிமிடம், மெத்தடோனோ ஒரு நாளுக்கும் மேல். அப்போது தூக்கத்தைவிட மூச்சைக் கவனியுங்கள், நிமிடம் முழுக்க எண்ணுங்கள்.

ஒன்றுக்கு மற்றது உதவாது. தினமும் தூக்க மாத்திரை எடுப்பவருக்கு ஃப்ளூமாசெனில் வலிப்பையே வரவழைக்கலாம். அப்படி மாத்திரை எடுப்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.