மறைத்த பெயர் வேற்றுமை உருபில் எட்டிப் பார்த்தது

நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றின் வழக்கு ஆவணங்களில் சாட்சியின் பெயரை நீக்கி "[சாட்சி-2]" என்று மாற்றியிருந்தார்கள். பெயர் செல்வம் என்று வைத்துக்கொள்வோம். "செல்வம்" என்று தேடினால் ஒன்றும் வரவில்லை. ஆனால் ஏழாம் பக்கத்தில் "செல்வத்தின் லயத்துக்கு" என்று அப்படியே இருந்தது. "ம்" என்று முடியும் பெயர் உருபு ஏறும்போது "த்து" ஆகிவிடுகிறது. முழுப்பெயரைத் தேடினால் அது சிக்காது.

"செல்வ" என்று மட்டும் தேடினால் செல்வன், செல்வி எல்லாம் வந்து குவியும். அதனால் அடுத்த எழுத்தையும் சேர்த்துத் தேடினேன்:

```
grep -nE "செல்வ(ம|த)" *.txt
grep -niE "selv[ae]|chelva" *.txt
```

இரண்டாவது வரி ஆங்கிலப் பிரதிக்கு. சிங்களத்தில் எழுதிய பொலிஸ் அறிக்கைக்கு அந்த எழுத்திலேயே தனியாகத் தேட வேண்டும்.

அதைவிடச் சிரமமானது வீட்டுப்பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, லயத்தில் கூப்பிடுவது வேறொன்று. இதனால் ஒரே ஆள் ஓரிடத்தில் "[சாட்சி-2]", இன்னோரிடத்தில் "[சாட்சி-5]" ஆகியிருந்தார். ஆளுக்கு ஒரு வரி போட்டு, அவருடைய எல்லாப் பெயர்களையும் எழுதி, ஒரே குறியீட்டைக் கொடுத்தபின்தான் சரியானது. அந்தப் பட்டியல் ஆவணத்தோடு வெளியே போகவே கூடாது.

கடைசியாகத் தகப்பன் பெயர். மகளின் பெயரை மறைத்துவிட்டு "முத்தையாவின் மகள்" என்று விட்டால் தோட்டத்தில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். அதனால் தகப்பன் பெயரையும், பெயருக்கு முன்னால் வரும் அதன் முதலெழுத்தையும் சேர்த்தே நீக்கினேன்.