ஒரு பிரசங்கத்தை சொல்லாட்சி ஆய்வு செய்வது எப்படி: மலைப்பிரசங்கத்தை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

தகவல் தொடர்பியல் பாடத்தில் "ஏதாவது ஒரு பிரசங்கத்தை எடுத்து ரெட்டரிக்கல் அனாலிசிஸ் எழுதுங்கள்" என்று அசைன்மென்ட் கொடுத்துவிடுவார்கள். எழுதி வரும் பேப்பர்களில் பாதிக்கு மேல் இரண்டு குழிகளில் ஒன்றில் விழுகின்றன. சில பேப்பர்கள் பிரசங்கத்தின் சுருக்கமாகவே நின்றுவிடும். மற்றவை "இங்கே ஈதோஸ், இங்கே பேதோஸ், இங்கே திரும்பச் சொல்வது" என்று லேபிள் ஒட்டிக்கொண்டே போகும். அந்த உத்தி கேட்பவரை என்ன செய்கிறது என்ற கேள்வி இரண்டிலும் இருக்காது.

இந்தப் பதிவில் இயேசுவின் மலைப்பிரசங்கத்தை, அதாவது பைபிளில் மத்தேயு நற்செய்தியின் 5 முதல் 7 வரையிலான அதிகாரங்களை, உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மொத்தம் 111 வசனங்கள்தான், ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். மேற்கோள்கள் சபைகளில் பரவலாகப் புழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து. விசுவாசம் இருக்கிறதா இல்லையா என்பது இந்த ஆய்வுக்குத் தேவையே இல்லை.

படி 1: யார், யாரிடம் பேசுகிறார்?

1968-ல் லாயிட் பிட்சர் என்ற அமெரிக்க சொல்லாட்சி அறிஞர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த ஒரு வழக்கம் உண்டு. ஒரு பேச்சைத் தொடும் முன் மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும்: எந்த நெருக்கடி இந்தப் பேச்சை வரவழைத்தது, கேட்பவர்கள் யார், பேசுபவரைக் கட்டிப்போடும் தடைகள் என்ன.

மலைப்பிரசங்கத்தில் இரண்டாவது கேள்வியிலேயே ஒரு சிக்கல் வரும். 5:1-ல் இயேசு திரளான ஜனங்களைக் கண்டு மலைமேல் ஏறுகிறார். சீஷர்கள் கிட்டே வருகிறார்கள். ஆக, மலையில் கேட்பவர்களே இரண்டு வட்டம். அதற்கு மேல், மத்தேயு இதை எழுத்தில் வைத்தபோது மனதில் வைத்திருந்த வாசகர்கள் இன்னொரு வட்டம். எந்த வட்டத்தை வைத்து ஆராய்கிறீர்கள் என்று முதல் பத்தியிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். நான் எடுத்துக்கொள்வது எழுதப்பட்ட பேச்சையும் அதன் வாசகரையும். அன்று மலையில் கூட்டம் எப்படிச் சலசலத்தது என்று கற்பனை செய்யும் வேலை அதோடு போய்விடும்.

தடையும் தெளிவாகத் தெரிகிறது. கேட்பவர்களுக்கு மோசேயின் சட்டம், அதாவது நியாயப்பிரமாணம், புனிதம். அதைத் தொட்டுப் பேசுகிறவர் மேல் உடனே சந்தேகம் விழும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான்காவது படியில் வேலைக்கு வரும்.

படி 2: எலும்புக்கூட்டை வரையுங்கள்

வசனங்களைப் பிரிண்ட் எடுத்து, ஒரே சொல் திரும்ப வரும் இடங்களையெல்லாம் ஒரே நிறத்தில் கோடிடுங்கள். அமைப்பு தானாக வெளியே வரும்.

5:17-ல் "நியாயப்பிரமாணத்தையானாலும் தீர்க்கதரிசனங்களையானாலும்" என்று ஒரு ஜோடி வருகிறது. பிறகு 7:12-ல் "இதுவே நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசனங்களுமாம்" என்று அதே ஜோடி திரும்புகிறது. இது கதவைத் திறந்து, அதே கதவைச் சாத்துவது. இதற்கு நடுவில் இருப்பதுதான் பிரசங்கத்தின் உடல். அதற்கு முன்னால் பாக்கியவான்கள் பகுதியும் உப்பு, வெளிச்சம் பற்றிய வரிகளும் முன்னுரையாக நிற்கின்றன. 7:13-லிருந்து எல்லாம் இரண்டிரண்டாக வருகிறது: இரண்டு வாசல், இரண்டு மரம், இரண்டு வீடு. இது முடிவுரை, கேட்பவரைத் தேர்வு செய்யச் சொல்லும் இடம்.

அதிகார எண்களை வைத்துப் பிரிக்காதீர்கள். அந்த எண்கள் பல நூற்றாண்டுகள் கழித்து வந்தவை, பேச்சின் மடிப்புகளோடு ஒத்துப்போக வேண்டிய அவசியம் இல்லை.

படி 3: திரும்பச் சொல்வதைத் தேடுங்கள், அது எங்கே உடைகிறது என்று பாருங்கள்

இந்தப் பதிவின் சாரமே இந்தப் படிதான். ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது கேட்பவரின் காதில் ஒரு எதிர்பார்ப்பு உருவாகிறது. அந்த எதிர்பார்ப்பு உடையும் இடத்தில் கவனம் சடாரென்று நிமிரும். பேசுபவர் எதை அழுத்த விரும்புகிறார் என்பது பெரும்பாலும் அங்கேதான் தெரியும்.

பாக்கியவான்கள் பகுதியைப் பாருங்கள். "துயரப்படுகிறவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் ஆறுதலடைவார்கள்." இதே அச்சில் எட்டு வரிகள் (5:3–10). முதல் வரியும் எட்டாவது வரியும் "பரலோகராஜ்யம் அவர்களுடையது" என்று ஒரே மாதிரி முடிகின்றன. நடுவில் உள்ள ஆறும் எதிர்காலம்: ஆறுதலடைவார்கள், திருப்தியடைவார்கள், இரக்கம் பெறுவார்கள். எட்டாவதோடு வட்டம் மூடிவிட்டது. கேட்பவர் "சரி, முடிந்தது" என்று நினைக்கும் நேரத்தில் ஒன்பதாவது வருகிறது. அதில் அச்சு உடைகிறது. வரி நீளமாகிறது, "அவர்கள்" போய் "உங்களை நிந்தித்துத் துன்பப்படுத்தி" என்று முன்னிலை வருகிறது. இதுவரை யாரையோ பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று பேச்சுக்குள் இழுக்கப்படுகிறார். அடுத்து உடனே "நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்."

இது தற்செயல்தானே என்று யாராவது கேட்டால், இதே பாக்கியங்கள் வரும் லூக்கா நற்செய்தியின் 6:20-ஐக் காட்டுங்கள். அங்கே முதல் வரியே "தரித்திரராகிய நீங்கள் பாக்கியவான்கள்" என்று முன்னிலையில் தொடங்குகிறது. அங்கே பாக்கியங்கள் நான்குதான். அதற்கு ஈடாக நான்கு "ஐயோ"க்கள். அதே சரக்கை வேறு மாதிரியும் அமைக்க முடியும் என்பதற்கு இது சான்று. மத்தேயுவில் "நீங்கள்" தாமதமாக வருவது ஒரு தேர்வு. இப்படி ஒரு ஒப்பீடு கிடைத்தால் உங்கள் வாதம் இரண்டு மடங்கு பலம் பெறும்.

இரண்டாவது உதாரணம் 6:2–18. தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றுக்கும் ஒரே வார்ப்பு: மாயக்காரர் செய்வது, "அவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது", பிறகு "நீயோ", கடைசியில் "அந்தரங்கத்தில் பார்க்கிற உன் பிதா". இந்த வார்ப்பு ஜெபத்துக்குப் பிறகு நின்றுவிடுகிறது. நடுவில் 6:7–15 செருகப்பட்டிருக்கிறது. அந்தச் செருகலில்தான் பரமண்டல ஜெபம் இருக்கிறது. "நீயோ" என்று ஒருமையில் போய்க்கொண்டிருந்த அறிவுரை, "எங்கள் பிதாவே" என்று பன்மையாகிறது. இங்கேயும் வார்ப்பு உடைந்த இடத்தில்தான் சொல்ல வேண்டியதைப் பிரசங்கம் வைத்திருக்கிறது. இன்னொரு வேடிக்கை: "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்ற எச்சரிக்கையும் இந்தச் செருகலுக்குள்தான் இருக்கிறது. திரும்பச் சொல்வதையே ஆயுதமாக வைத்திருக்கும் பிரசங்கத்தில் இது வருவதை ஒரு வரியில் பேப்பரில் குறிப்பிடலாம். ஆசிரியர் பென்சிலால் டிக் போடுவார்.

ஒரு எச்சரிக்கை. ஆங்கில வழிகாட்டிகளைப் பார்த்து, பாக்கியவான்கள் பகுதியை "வரியின் தொடக்கத்தில் ஒரே சொல் வரும் அனஃபொரா" என்று எழுதிவிடாதீர்கள். நீங்கள் மேற்கோள் காட்டும் தமிழ் வரியில் அந்தச் சொல் நடுவில் நிற்கிறது. கண்ணால் பார்ப்பதை மட்டும் எழுதுங்கள்.

படி 4: ஈதோஸ், பேதோஸ், லோகோஸ் (ஆனால் தனித்தனிப் பெட்டிகளாக வேண்டாம்)

அரிஸ்டாட்டிலின் மூன்று முறையீடுகள் தெரிந்தவைதான்: பேசுபவரின் நம்பகத்தன்மை, கேட்பவரின் உணர்ச்சி, தர்க்கம். பேப்பரில் மூன்று தலைப்பு போட்டு மூன்று பத்தி எழுதுவது சுலபம். ஆனால் நல்ல பேச்சில் அவை கலந்தே வரும்.

முதலில் ஈதோஸ். 5:21 முதல் 5:48 வரை ஆறு முறை பழைய கட்டளை ஒன்றைச் சொல்லி, "நான் உங்களுக்குச் சொல்லுகிறேன்" என்று தன் வார்த்தையை வைக்கிறார். வேறு எந்தப் போதகரின் பெயரையும் துணைக்கு அழைக்கவில்லை. முதல் படியில் பார்த்த தடையை இப்போது நினைத்துப் பாருங்கள். சட்டத்தைத் தொட்டால் சந்தேகம் வரும். அதனால்தான் இந்த ஆறுக்கும் முன்னால் 5:17-ல், சட்டத்தை அழிக்க வந்தேன் என்று எண்ணாதேயுங்கள் என்கிறார். மறுப்பு எழும் முன்பே அதற்குப் பதில் வந்துவிடுகிறது. இந்த வரியை எடுத்துவிட்டு அந்த ஆறையும் படித்தால் தொனி எவ்வளவு மாறுகிறது என்று தெரியும். ஒரு வரியின் வேலையைக் கண்டுபிடிக்க, அதை நீக்கிப் படித்துப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி.

அடுத்து தர்க்கமும் உணர்ச்சியும் ஒன்றாக வரும் இடம், 7:9–11. அப்பம் கேட்கும் மகனுக்கு எந்த அப்பனாவது கல்லைக் கொடுப்பானா என்று ஒரு கேள்வி. பதில் சொல்லத் தேவையில்லை. கேட்பவர் மனதுக்குள் "மாட்டான்" என்று சொல்லிவிட்டார். பொல்லாதவர்களாகிய நீங்களே நல்லதைக் கொடுக்கும்போது பரமபிதா கொடுப்பது "அதிக நிச்சயம் அல்லவா" என்று முடிவு வருகிறது. சிறியதில் உண்மையானது பெரியதில் இன்னும் உண்மை என்ற தர்க்கம் இது. அது ஓடும் எரிபொருள் பெற்ற பாசம்.

இதில் சொல்லாமல் விட்ட ஒரு படி உண்டு: கடவுள் ஒரு தகப்பனைப் போன்றவர் என்பது. 6-ஆம் அதிகாரம் முழுவதும் "உன் பிதா", "உங்கள் பிதா" என்று திரும்பத் திரும்ப வந்ததால், 7-க்கு வரும்போது அது நிரூபிக்க வேண்டிய கூற்றாகத் தோன்றுவதில்லை. திரும்பச் சொன்னதே தர்க்கத்துக்கு அடித்தளம் போட்டிருக்கிறது. இந்த இணைப்பைப் பிடித்தால் பேப்பர் லேபிள் ஒட்டும் வேலையைத் தாண்டிவிடும். இதன் வரம்பையும் எழுதுங்கள்: கடவுளைத் தகப்பனாக ஏற்காத வாசகரிடம் இந்த வாதம் நிற்காது.

படி 5: மையக் கூற்றும் ஒரு மாதிரிப் பத்தியும்

"மலைப்பிரசங்கம் பல உத்திகளைப் பயன்படுத்துகிறது" என்பது மையக் கூற்று ஆகாது. அதை யாரும் மறுக்க மாட்டார்கள், அதுதான் பிரச்சினை. இப்படி எழுதலாம்: "மலைப்பிரசங்கம் ஒரு வார்ப்பைத் திரும்பச் சொல்லி நிலைநிறுத்தி, அதை உடைப்பதன் மூலம் கேட்பவரைப் பார்வையாளர் இடத்திலிருந்து பங்கேற்பவர் இடத்துக்கு நகர்த்துகிறது." இதை மறுக்க முடியும், அதனால் நிரூபிக்கவும் முடியும்.

பத்தி எழுதும்போது வரிசை: மேற்கோள், அதில் என்ன இருக்கிறது, அது கேட்பவரை என்ன செய்கிறது, மையக் கூற்றோடு எப்படிச் சேர்கிறது. கடைசி இரண்டு வீடுகளை வைத்து ஒரு மாதிரி:

> இரண்டு வீடுகளையும் தாக்குவது ஒரே புயல்: "பெருமழை சொரிந்து, பெருவெள்ளம் வந்து, காற்று அடித்து" (7:25, 7:27). சொல் மாறாததால், வித்தியாசம் புயலில் இல்லை, அஸ்திபாரத்தில்தான் என்று கேட்பவரே முடிவுக்கு வருகிறார். முதல் வீட்டுக்கு "அது விழவில்லை" என்ற பின் காரணமும் தரப்படுகிறது. இரண்டாவதில் காரணம் இல்லை, "விழுந்தது, விழுந்து முழுவதும் அழிந்தது" என்று முன் சொல்லையே பிடித்துக்கொண்டு அந்தாதி போல அடுத்த சொல் விழுகிறது. பிரசங்கம் இந்த வீழ்ச்சியிலேயே முடிகிறது. ஆறுதல் வரி எதுவும் பின்னால் வராததால், தேர்வு கேட்பவர் கையில் விடப்படுகிறது.

எழுதிய பத்தியிலிருந்து மேற்கோளை மறைத்துவிட்டுப் படியுங்கள். மீதியுள்ள வரிகள் வேறொரு பிரசங்கத்துக்கும் அப்படியே பொருந்தினால், இன்னும் ஆய்வு தொடங்கவில்லை என்று அர்த்தம்.

பேப்பரின் முடிவுரையில் "எனவே நாமும் கன்மலைமேல் கட்டுவோம்" என்று எழுதும் ஆசை வரும். அதை அடித்துவிடுங்கள். 7:28–29-ல், அவர் "வேதபாரகரைப்போல் போதியாமல், அதிகாரமுடையவராய்" போதித்ததால் ஜனங்கள் ஆச்சரியப்பட்டார்கள் என்று மத்தேயுவே கேட்டவர்களின் எதிர்வினையைப் பதிவு செய்கிறார். இது கதாசிரியர் தரும் சாட்சியம், கூட்டத்தின் கருத்துக்கணிப்பு இல்லை. அந்த ஆச்சரியத்துக்கு உங்கள் ஆய்வு என்ன காரணம் காட்டுகிறது, எதற்குக் காட்ட முடியவில்லை என்று இரண்டு மூன்று வரியில் எழுதி நிறுத்தினால் போதும்.