வெண்பாவை அலகிடும்போது எங்கே சறுக்குகிறோம்?

ஏற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி வந்து சேலத்தில் படிக்கிற தம்பி ஒருவர் இருக்கிறார். போன மாதம் ஒரு சனிக்கிழமை அஸ்தம்பட்டியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தன் நோட்டை என் முன் விரித்தார். “அக்கா, திருக்குறளிலேயே தளை தட்டுது. மூணு தடவை பார்த்துட்டேன்” என்றார். அவர் முகத்தில் திகைப்புதான் இருந்தது. நோட்டில் இருந்தது அறுபத்தாறாவது குறள். பென்சிலால் சீர் பிரித்து இப்படி எழுதியிருந்தார்:

குழலினிது யாழினிது என்ப தம்மக்கள்
மழலைச்சொல் கேளாதவர்

அவர் கணக்கில் தப்பில்லை. இப்படிப் பிரித்தால் தளை தட்டத்தான் செய்யும். ஒரு இடத்தில் இல்லை, இரண்டு இடத்தில். போதாததற்கு ஈற்றடியில் ஒரு சீரும் குறைகிறது. பிழை எண்ணியதில் இல்லை, வெட்டியதில் இருக்கிறது. வெண்பாவைச் சரிபார்க்கிறவர்களில் பாதிப்பேர் தடுக்கி விழுகிற இடம் இதுதான் என்பதால் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குறிலோ நெடிலோ தனியாகவோ ஒற்றோடோ வந்தால் நேரசை. இரண்டு குறில் சேர்ந்தோ, குறிலை அடுத்து நெடில் சேர்ந்தோ வந்தால் நிரையசை. பின்னால் ஒற்று வந்தாலும் அது நிரைதான். ஒற்றுக்குத் தனி அலகு கிடையாது. சீரின் தொடக்கத்தில் ஒரு குறில் வந்து, அதன் பின்னால் ஒற்று இல்லாவிட்டால், அது அடுத்த எழுத்தைச் சேர்த்துக்கொண்டுதான் அசையாகும். ‘தவர்’ என்பதை த, வர் என்று இரண்டு நேராக எண்ணுவது ஆரம்பத்தில் எல்லோரும் செய்கிற தவறு. அது ஒரே நிரை.

ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம். நேரில் தொடங்கினால் தேமா, கூவிளம் என்றும் நிரையில் தொடங்கினால் புளிமா, கருவிளம் என்றும் பெயர். மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய், நிரையில் முடிந்தால் கனி. வெண்பாவில் கனிக்கு இடமே இல்லை. மாவுக்குப் பின் நிரை, விளத்துக்குப் பின் நேர், காய்க்குப் பின் நேர். ஒரு சீர் அடுத்த சீரோடு இப்படிச் சேர்வதுதான் தளை, அவ்வளவுதான். ஈற்றடிக்கு மூன்று சீர், மற்ற அடிகளுக்கு நான்கு.

இப்போது தம்பியின் நோட்டுக்கு வருவோம். அவர் ‘என்ப’, ‘தம்மக்கள்’ என்று பிரித்திருந்தார். பொருள் அப்படித்தான் பிரிகிறது: குழல் இனிது, யாழ் இனிது என்று சொல்வார்கள், தம் மக்களின் மழலையைக் கேட்காதவர்கள். ஆனால் என்/ப தேமா. மாவுக்குப் பின் நிரை வர வேண்டும், ‘தம்’ என்று நேர் வந்து நிற்கிறது. முதல் தட்டு. அடுத்து தம்/மக்/கள் தேமாங்காய். காய்க்குப் பின் நேர் வர வேண்டும், அடுத்த அடி ‘மழ’ என்று நிரையில் தொடங்குகிறது. இரண்டாவது தட்டு. ‘கேளாதவர்’ என்பதை முழுச் சொல்லாக வைத்ததால் கே/ளா/தவர் என்று தேமாங்கனி ஆகிவிட்டது. கனி வந்தது மட்டுமில்லை, ஈற்றடியில் மூன்று சீருக்குப் பதில் இரண்டுதான் மிஞ்சியது.

சீர் பொருளைப் பார்த்து முடிவதில்லை. ஓசையைப் பார்த்து முடிகிறது. ஒரு சொல்லின் தலை ஒரு சீரிலும் வால் அடுத்த சீரிலும் கிடப்பது செய்யுளில் மிகச் சாதாரணம். இதை வகையுளி என்பார்கள். இந்தக் குறளை ஓசைப்படி வெட்டினால் ‘என்பதம் மக்கள்’, ‘கேளா தவர்’ என்று வரும். ‘தம்’ போய் ‘என்ப’வோடு ஒட்டிக்கொள்கிறது. என்/பதம் கூவிளம், அடுத்து மக்/கள் தேமா: விளத்துக்குப் பின் நேர், சரி. மக்கள் என்ற மாவுக்குப் பின் ‘மழ’ நிரை, சரி. மழ/லைச்/சொல் புளிமாங்காய், அடுத்து ‘கே’ நேர், சரி. கே/ளா தேமா, அடுத்து ‘தவர்’ நிரை, சரி. இரண்டு சொல்லின் வெட்டை மாற்றியதும் எல்லாத் தட்டும் போய்விட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று, முதலடியின் கடைசிச் சீரையும் இரண்டாம் அடியின் முதல் சீரையும் சேர்த்துப் பார்த்தது. அடி முடிந்ததும் தளையும் முடிந்தது என்று பலர் அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். வெண்பாவில் தளை அடி தாண்டியும் ஓடும். ஏழு சீர் உள்ள குறளில் பார்க்க வேண்டிய சந்திப்பு ஆறு. ஐந்துதான் பார்த்திருக்கிறீர்கள் என்றால் விட்டது அநேகமாக இந்த அடி மடங்கும் இடம்தான்.

சரி, முதலடியின் முன்பாதி? தம்பி ‘குழலினிது யாழினிது’ என்று வைத்திருந்தார். குழ/லினி/து கருவிளங்காய், யா/ழினி/து கூவிளங்காய், அப்புறம் ‘என்’ நேர். காய், நேர், காய், நேர். தளை தட்டவே இல்லை. ஆனால் இந்த அடியைச் சந்தியோடு சேர்த்து எழுதும்போது வேறு மாதிரி இருக்கும்: குழலினி தியாழினி தென்பதம் மக்கள். இதைக் கண்டால்தான் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் கை நடுங்கும். ‘இனிது’ என்பதன் கடைசி உகரம் குற்றியலுகரம். அதை அடுத்து யகரம் வந்ததால் இகரமாகத் திரிந்து ‘தி’ ஆகிவிட்டது. இதுதான் குற்றியலிகரம். ஓசையில் அரை மாத்திரைதான்.

எழுத்தைப் பார்த்து எண்ணினால் குழ/லினி கருவிளம், அடுத்து தியா/ழினி என்று நிரையில் தொடங்குகிறது. விளத்துக்குப் பின் நிரை, தளை தட்டியது என்று எழுதிவிடுவோம். ஆனால் யாப்பருங்கலக்காரிகை இதற்குத் தெளிவாக வழி சொல்லியிருக்கிறது: குற்றியலிகரமும் குற்றியலுகரமும் அளபெடையும் சீரையும் தளையையும் கெடுக்குமானால் அவற்றுக்கு அலகு இல்லை. அந்தத் ‘தி’யை எண்ணாமல் விட்டால் யா/ழினி கூவிளம். விளத்துக்குப் பின் நேர், அடுத்து தென்/பதம், மறுபடியும் விளத்துக்குப் பின் நேர். அடி சுத்தமாக நிற்கிறது. வாயால் சொல்லிப் பாருங்கள். ‘தி’ நாக்கு நுனியில் பட்டும் படாமலும் போகும். கணக்கில் வராதது காதிலும் ஏறக்குறைய வருவதில்லை.

இந்தச் சலுகையைக் கண்ட இடத்தில் எல்லாம் நீட்டக் கூடாது. ‘சிதைந்தால்’ என்ற நிபந்தனை அதில் இருக்கிறது. தளை தானாகவே சரியாக இருந்தால் அந்த எழுத்தை எண்ணத்தான் வேண்டும். முற்றியலுகரத்துக்கும் சாதாரண இகரத்துக்கும் இது பொருந்தாது. சொந்தமாக எழுதிய வெண்பாவில் தளை தட்டும்போது “இந்த இகரத்துக்கு அலகு இல்லை” என்று தப்பிக்கப் பார்ப்பவர்கள், அங்கே குற்றியலுகரமும் யகரமும் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நோட்டின் அடுத்த பக்கத்தில் தம்பியே எழுதிய குறள் வெண்பா ஒன்று இருந்தது. ஏற்காடு பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது எழுதியதாம். அங்கே மொத்தம் 20 வளைவு, நேரத்துக்குக் குறைவில்லை.

ஏற்காட்டுச் சாலையில் மாலைவெயில் போனபின்
மேற்கூரை ஆகும் முகில்

எனக்கு உடனே பிடித்துவிட்டது. ஆனால் அவர் ‘மாலைவெயில்’ மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். கூடப் படிக்கும் ஒருவர் பார்த்துவிட்டு “கனி வந்துடுச்சு, இது வெண்பா இல்லை” என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பையன் மா/லை/வெயில் என்று பிரித்திருக்கிறார். நேர், நேர், நிரை, தேமாங்கனி. எண்ணியது சரி, ஆனால் ‘லை’யை நெடிலாக வைத்துக்கொண்டார்.

ஐகாரம் சொல்லின் முதலில் வந்தால்தான் நெடில். நடுவிலும் கடைசியிலும் அது குறுகிவிடும், அசை பிரிக்கும்போது குறிலாகவே கொள்ள வேண்டும். அதனால் ‘லை’யும் ‘வெ’யும் இரண்டு குறிலாகச் சேர்ந்து நிரை ஆகின்றன. மா/லைவெ/யில், நேர் நிரை நேர், கூவிளங்காய். காய்க்குப் பின் ‘போ’ நேர். கனியே இல்லை.

இந்தத் தவறு நெடுநாள் பிடிபடாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. அதே அடியில் ‘சாலையில்’ இருக்கிறது பாருங்கள். ஐகாரத்தைக் குறிலாக வைத்தால் சா/லையில் கூவிளம். நெடிலாக வைத்தால் சா/லை/யில் தேமாங்காய். இரண்டுக்குப் பின்னும் நேர்தான் வர வேண்டும், ‘மா’ என்று வருகிறது. தப்பாக எண்ணியவருக்கும் சரி என்றே விடை வரும். ‘மேற்கூரை’யில் ஐகாரம் சீரின் கடைசியில் தனியாக நிற்பதால் குறிலானாலும் நெடிலானாலும் நேர்தான். இப்படிப் பத்து இடத்தில் விடை சரியாக வந்தபிறகு, பதினொன்றாவது இடத்தில் ‘மாலைவெயில்’ வரும்போது எண்ணியவர் தன் கணக்கைச் சந்தேகப்பட மாட்டார், பாட்டைத்தான் சந்தேகப்படுவார். ஐகாரத்தை அடுத்து ஒற்றில்லாத குறில் வருகிற சீர்களை மட்டும் இன்னொரு முறை பாருங்கள், போதும்.

பெருக்கல் குறியை அழித்துக்கொண்டே தம்பி கேட்டார்: “அக்கா, முகில்னு யாரு சொல்றா? மேகம்னு போட்டுடலாமா?”

நியாயமான ஆசை. ‘மேற்கூரை ஆகும் மேகம்’ என்று எழுதிப் பார்த்தோம். ஆ/கும் தேமா, அதற்குப் பின் நிரை வேண்டும், ‘மே’ நேர். தளை தட்டியது. அது ஒன்று. அதோடு, ஈற்றுச் சீருக்கு நான்கே வாய்பாடுதான்: நாள், மலர், காசு, பிறப்பு. மே/கம் நேர் நேர் என்பதால் காசு என்று நினைக்கத் தோன்றும். காசும் பிறப்பும் அப்படி எந்த ஈரசைச் சீருக்கும் பெயரில்லை. கடைசி எழுத்து ‘சு’, ‘பு’ மாதிரி உகரத்தில் முடிய வேண்டும், பெரும்பாலும் குற்றியலுகரமாக இருக்க வேண்டும். ‘மேகம்’ வெறும் தேமா, அதனால் அங்கே நிற்க முடியாது. ‘முகில்’ ஒரே நிரை, மலர் வாய்பாடு. ‘நமக்கு’ என்று முடித்திருந்தால் பிறப்பு. ‘மழையே’ என்றால் அசை எண்ணிக்கை பிறப்பைப் போலவே இருந்தாலும் உகரம் இல்லாததால் செல்லாது.

அவர் கொஞ்ச நேரம் ‘முகில்’ என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அதன் கீழே சின்ன எழுத்தில் ‘மலர்’ என்று குறித்து, டீக்குக் காசு கொடுத்துவிட்டு, ஏற்காடு பஸ் பிடிக்கக் கிளம்பினார்.