x sin(1/x): பூச்சியத்தில் ஒன்று, முடிவிலியில் வேறொன்று – தடுக்கி விழும் இடங்கள்

lim x→0 x sin(1/x), lim x→∞ x sin(1/x). இந்த இரண்டு கணக்கையும் வினாத்தாளில் பக்கத்துப் பக்கத்தில் வைப்பது ஆசிரியர்களுக்குப் பிடித்த வேலை. முதலாவதற்கு விடை 0, இரண்டாவதற்கு 1. விடையை மட்டும் கேட்டால் பலரும் சொல்லிவிடுவார்கள். வழியைக் காட்டச் சொன்னால்தான் குட்டு வெளிப்படும். நான் திருத்திய தாள்களில் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை ஒரே வகைதான்: ஒரு முனைக்குப் பொருந்தும் வழியைத் தூக்கிக்கொண்டுபோய் மறுமுனையில் மாட்டுவது.

முதலில் எண்களைப் பார்ப்போம். கோணம் ரேடியனில்.

| x | 1/x | sin(1/x) | x sin(1/x) |
|---|---|---|---|
| 0.001 | 1000 | 0.8269 | 0.00083 |
| 0.01 | 100 | −0.5064 | −0.00506 |
| 0.1 | 10 | −0.5440 | −0.0544 |
| 1 | 1 | 0.8415 | 0.8415 |
| 10 | 0.1 | 0.09983 | 0.9983 |
| 100 | 0.01 | 0.0099998 | 0.99998 |

மூன்றாவது பத்தியை மேலிருந்து கீழே ஒருமுறை பாருங்கள். மேல் பாதியில் சைன் எந்த ஒழுங்கும் இல்லாமல் குதிக்கிறது. அதன் மதிப்பு −1க்கும் 1க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அதை அடக்கி வைப்பது முன்னால் நிற்கும் சிறிய x. கீழ்ப்பாதியில் கதை வேறு. சைன் சுருங்குகிறது, x வளர்கிறது, ஒன்று எவ்வளவு சுருங்குகிறதோ மற்றது கிட்டத்தட்ட அவ்வளவே வளர்கிறது. அதனால்தான் பெருக்கல் 1இல் வந்து நிற்கிறது. முதல் முனையில் ஒருவர் மற்றவரை அடக்குகிறார், இரண்டாவதில் இருவரும் சமமாக இழுக்கிறார்கள்.

t = 1/x என்று வைத்தால் நம் சார்பு sin t / t ஆகிவிடும். எல்லாருக்கும் தெரிந்த பழைய சார்பு. ஆனால் திருப்பிப் போட்டது: x பூச்சியத்தை நெருங்கினால் t முடிவிலிக்கு ஓடுகிறது, x முடிவிலிக்குப் போனால் t பூச்சியத்தை நெருங்குகிறது. இந்தத் தலைகீழ் மாற்றத்தைக் கவனிக்காததுதான் முதல் பிழைக்குக் காரணம்.

அந்தப் பிழை இப்படி வரும். x→0 கணக்கில் மாணவர் x sin(1/x) = sin(1/x) / (1/x) என்று எழுதுவார். இதுவரை ஒரு தப்பும் இல்லை. அடுத்த வரியில், "இது sin θ / θ வடிவம், எனவே எல்லை 1" என்று முடித்துவிடுவார். கை பழகிவிட்டது, கண் பார்க்கவில்லை. sin θ / θ → 1 என்ற தேற்றத்துக்கு θ பூச்சியத்தை நெருங்க வேண்டும். இங்கே θ = 1/x; x→0 என்னும்போது அது பூச்சியத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காது. நான் மாணவர்களிடம் சொல்வது ஒன்றுதான்: எல்லைக் குறிக்குக் கீழே இருப்பது x. சைனுக்கு உள்ளே இருப்பது எங்கே போகிறது என்று ஓரத்தில் தனியாக எழுதிக்கொண்டு பிறகு தேற்றத்தைத் தொடுங்கள்.

அடுத்த பிழை கொஞ்சம் நயவஞ்சகமானது, ஏனென்றால் விடை சரியாக வந்துவிடும். x→0இல் இப்படி எழுதுவார்கள்:

lim x sin(1/x) = (lim x) × (lim sin(1/x)) = 0 × ஏதோ ஒன்று = 0

மதிப்பெண் குறைத்தால், "விடைதான் சரியா வந்திருக்கே சார்" என்பார்கள். ஆனால் எல்லைகளின் பெருக்கல் விதிக்கு இரண்டு எல்லைகளும் தனித்தனியே இருக்க வேண்டும். sin(1/x)க்கு x→0இல் எல்லையே கிடையாது. x = 1/(nπ) என்ற புள்ளிகள் வழியாகப் பூச்சியத்தை நெருங்கினால் அதன் மதிப்பு எப்போதும் 0. x = 2/((4n+1)π) வழியாக நெருங்கினால் எப்போதும் 1. இல்லாத ஒன்றைப் பூச்சியத்தால் பெருக்கினால் பூச்சியம் என்று சொல்ல முடியாது. "பூச்சியம் பெருக்கல் எதுவும் பூச்சியம்" என்ற அதே நியாயத்தை x × (1/x)இல் போட்டால் அங்கும் 0 வர வேண்டும், வருவதோ 1.

அப்படியானால் விடை சரியாக வந்தது எப்படி? sin(1/x)க்கு எல்லை இல்லாவிட்டாலும் வரம்பு இருக்கிறது. எவ்வளவு துள்ளினாலும் அது −1ஐயும் 1ஐயும் தாண்டாது. காரணம் அது ஒன்றுதான், எழுத வேண்டியதும் அதுதான்:

0 ≤ |x sin(1/x)| ≤ |x|

x→0 என்னும்போது வலப்பக்கம் 0 ஆகிறது, நடுவில் மாட்டியதும் 0 ஆகிறது. சாண்ட்விச் தேற்றம், ஒரே வரி. இதையே −x ≤ x sin(1/x) ≤ x என்று எழுதுபவர்கள் உண்டு. x குறையெண்ணாக இருந்தால் இது தலைகீழாகிவிடும்: x = −0.1 என்று போட்டால் இடப்பக்கம் 0.1, வலப்பக்கம் −0.1. மட்டுக்குறி போட்டால் இந்த வம்பே இல்லை.

இப்போது மறுமுனை. சாண்ட்விச் ருசி கண்டவர் அதையே x→∞க்கும் எடுத்துப் போவார். −x ≤ x sin(1/x) ≤ x என்பது x மிகையெண்ணாக இருக்கும்போது உண்மைதான். ஆனால் ஒரு ரொட்டித் துண்டு −∞க்குப் போகிறது, இன்னொன்று ∞க்குப் போகிறது. நடுவில் இருப்பது எங்கே என்று இதிலிருந்து எதுவும் தெரியாது. இன்னும் சிலர், sin(1/x) → 0 என்று சரியாகக் கண்டுபிடித்து, பூச்சியத்தால் பெருக்கினால் பூச்சியம் என்று விடையாக 0 எழுதுவார்கள். ∞ × 0 என்பது தேறப்பெறாத வடிவம். எது வேகமாகப் போகிறது என்று பார்க்காமல் அதற்கு விடை சொல்ல முடியாது.

இங்கேதான் t = 1/x பயன்படும். x→∞ என்றால் t மிகைப் பக்கத்திலிருந்து 0ஐ நெருங்கும், கிடைப்பது sin t / t, விடை 1. சாண்ட்விச் தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அதற்கும் வழி உண்டு. ரொட்டியை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். 0 < t < π/2இல் cos t < sin t / t < 1 என்பது வட்டத்தில் பரப்பளவை ஒப்பிட்டு நிறுவும் பழைய சமனின்மை. xக்கு மாற்றினால், x > 2/π ஆக இருக்கும்போது

cos(1/x) < x sin(1/x) < 1

இரு பக்கமும் 1க்குப் போகின்றன. x = 10 என்று போட்டுப் பாருங்கள்: 0.9950 < 0.9983 < 1.

இரண்டு முனைகளிலும் எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்பதும் வேறு. எல்லைக்கும் மதிப்புக்கும் இடையிலான வேறுபாடு 0.001க்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பூச்சியத்தின் பக்கம், |x| < 0.001 என்று எடுத்தால் உறுதி; பொதுவாக ε கொடுத்தால் δ = ε. முடிவிலிப் பக்கம் வேறுபாடு 1/(6x²)ஐத் தாண்டாது, எனவே x = 13 வந்தாலே போதும்: 1/(6 × 169) கிட்டத்தட்ட 0.00099. ஆயிரம் வரை ஓட வேண்டியதில்லை.

லோபிதால் விதியைக் கற்ற பிறகு புதிதாக ஒரு பிழை சேரும். sin(1/x) / (1/x)இல் தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே வகையிட்டால் −1/x² இரண்டிலும் அடிபட்டு cos(1/x) மிஞ்சும். x→∞இல் இது 1, விடை பொருந்துகிறது. (sin t / t → 1 என்பதை வைத்துத்தான் சைனின் வகையீட்டையே கண்டுபிடித்தோம், அதனால் இதை நிறுவலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சரிபார்ப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.) ஆனால் x→0இல் cos(1/x)க்கு எல்லை இல்லை. உடனே, "எனவே கொடுத்த சார்புக்கும் எல்லை இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. வகையிட்ட பின் வரும் விகிதத்துக்கு எல்லை இருந்தால் அதுவே விடை என்றுதான் சொல்கிறது. இல்லாவிட்டால் விதி வாயைத் திறக்காது, நாமாக வேறு வழி தேட வேண்டும். போதாக்குறைக்கு, அங்கே பகுதி மட்டும்தான் முடிவிலிக்குப் போகிறது. தொகுதி −1க்கும் 1க்கும் நடுவிலேயே ஆடிக்கொண்டிருக்கிறது. அது ∞/∞ வடிவமே இல்லை.

கால்குலேட்டரில் சரிபார்ப்பவர்களுக்கும் ஒரு பொறி காத்திருக்கிறது. கருவி டிகிரியில் இருந்தால் 1000 × sin(0.001) என்பதற்கு 0.01745 என்று காட்டும். இது π/180, டிகிரியில் கணக்கிட்டால் முடிவிலியில் எல்லை உண்மையிலேயே அதுதான். பூச்சிய முனையிலோ இந்தத் தவறு கண்ணுக்கே தெரியாது. டிகிரியில் 0.001 × sin(1000) போட்டால் −0.00098 வரும், அதுவும் 0ஐ நெருங்குவதாகவே தோன்றும், நெருங்கவும் செய்யும். சைனின் வரம்புக்கு ரேடியனும் ஒன்று, டிகிரியும் ஒன்று. ஆகவே கருவி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் பெரிய xஐப் போட்டுப் பாருங்கள்.

−∞ பற்றி ஒரு வார்த்தை. முடிவிலியில் 1 என்றால் குறை முடிவிலியில் −1 என்று சிலர் ஊகித்துவிடுகிறார்கள். xஇன் குறி மாறும்போது சைனின் குறியும் சேர்ந்தே மாறுவதால் இது இரட்டைச் சார்பு. அங்கும் 1தான்.

வரைபடம் வரையும்போது பெரும்பாலோர் அலையை வலக்கோடி வரை இழுத்துவிடுகிறார்கள். sin(1/x) கடைசியாகப் பூச்சியமாவது x = 1/π, அதாவது சுமார் 0.318இல். அதற்குப் பிறகு கோடு x அச்சைத் தொடவே தொடாது. அதற்குச் சற்று முன்னால், x சுமார் 0.2225 ஆக இருக்கும்போது, சார்பு தன் மிகக் குறைந்த மதிப்பான −0.217ஐத் தொடும். அங்கிருந்து வலப்பக்கம் முழுக்க ஏற்றம்தான், 1 என்ற கிடைக்கோட்டுக்குக் கீழேயே இருந்துகொண்டு. முடிவில்லாத அத்தனை அலைகளும் −1/πக்கும் 1/πக்கும் நடுவில், y = x, y = −x என்ற இரண்டு கோடுகளுக்குள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன.

அந்த நெரிசலின் நடுவே, x = 0இல் சார்புக்கு மதிப்பே இல்லை. எல்லை இருப்பதால் மதிப்பும் இருக்கிறது என்று எழுதாதீர்கள். f(0) = 0 என்று நாமாக வரையறுத்தால்தான் அங்கே தொடர்ச்சி கிடைக்கும். வகையீடு அப்போதும் கிடைக்காது: (f(h) − f(0)) / h என்று எழுதிப் பார்த்தால் h அடிபட்டு sin(1/h) மட்டும் மிஞ்சும். அடக்கி வைத்திருந்த x போனதும் அது பழையபடி துள்ளத் தொடங்கிவிடுகிறது.