பூச்சிமருந்து நஞ்சுக்கு ஒரு பாட்டு: அதைக் கட்டும்போதும் கையாளும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூச்சிமருந்து குடித்தவரை இரவில் கொண்டுவந்து சேர்க்கும்போது புத்தகத்தைப் புரட்ட யாருக்கும் நேரம் இருக்காது. அதனால்தான் மருத்துவ மாணவர்களும் செவிலியர் மாணவிகளும் கோலினெர்ஜிக் நஞ்சின் அறிகுறிகளையும் சிகிச்சையையும் பாட்டாகக் கட்டி மனப்பாடம் செய்கிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் அவர்கள் சொல்லும் பாட்டுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன:

கண்ணீர் வழியும், கண்மணி சுருங்கும்,
எச்சில் ஊறும், வயிறு கலங்கும்,
சிறுநீர் பிரியும், நாடி குறையும்,
அட்ரோபின், பாம் போட்டால் சரியாகும்.

இதில் சொல்லும் அறிகுறிகளில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனாலும் இந்தப் பாட்டை மட்டும் நம்பி நோயாளியின் அருகில் நிற்பவர் தடுமாறுவார். எங்கே தடுமாறுவார் என்பதைப் பார்க்கும் முன், உடலுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியைப் பிடித்து முடக்கிவிடுகின்றன. நரம்பு முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலினை உடனுக்குடன் சிதைப்பது அந்த நொதியின் வேலை. அது முடங்கியதும் அசிட்டைல்கோலின் தேங்குகிறது. சுரப்பிகள், மூச்சுக்குழல், குடல், இதயம் ஆகியவற்றிலுள்ள மஸ்கரினிக் ஏற்பிகள் ஓயாமல் தூண்டப்படுகின்றன. தசைகளிலுள்ள நிக்கோட்டினிக் ஏற்பிகளும் அப்படியே. அட்ரோபின் முதல் வகையை மட்டும்தான் அடைக்கும், தசைப் பக்கம் அது எட்டிப் பார்ப்பதே இல்லை. பாம் என்று வார்டில் அழைக்கப்படும் பிராலிடாக்ஸைம், நொதியிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுக்க முயல்கிறது. நல்ல பாட்டு இந்த மூன்றையும் சொல்ல வேண்டும். நான் மாணவர்களுக்குக் கொடுப்பது இது:

நெஞ்சில் நீர்கோக்கும், மூச்சு திணறும்;
அஞ்சும்படி நாடி அடங்கித் தளரும்.
எச்சிலும் பேதியும் வேர்வையும் பெருகும்;
நச்சால் கண்மணி ஊசியாய்க் குறுகும்.
தசைகள் துள்ளும், தளர்ச்சி கொள்ளும்;
அசையாக் கழுத்தே ஆபத்தைச் சொல்லும்.
ஐந்துக்கு ஒருமுறை அட்ரோபின் இரட்டு;
நெஞ்சிரைச்சல் நின்றால் இரட்டலை நிறுத்து.
பாமும் தொடரட்டும், அரைமணி நேரம்;
தாமதம் ஆனால் பிணைப்பு உரம் ஏறும்.

முதல் தவறு வரிசையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஸ்லட்ஜ்’ என்று மனப்பாடம் செய்யும் பட்டியலில் எச்சில், கண்ணீர், சிறுநீர், பேதி, வயிற்றுவலி, வாந்தி என்று எல்லாம் வருகின்றன, நுரையீரல் வருவதில்லை. எழுத்துகள் ஒரு சொல்லாகச் சேர வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. எச்சிலாலும் கண்ணீராலும் யாரும் உடனே இறப்பதில்லை. நுரையீரலில் நீர் நிறைவது, மூச்சுக்குழல் இறுகுவது, நாடி விழுவது ஆகிய மூன்றும்தான் முதல் மணி நேரத்தில் உயிரைப் பறிப்பவை. பாட்டில் எது முதலில் வருகிறதோ, பதற்றத்தில் அதைத்தான் முதலில் தேடுவோம். ஆகவே நெஞ்சு முதல் வரியில் இருந்தே ஆக வேண்டும். எதுகைக்காக எச்சிலை மேலே தூக்கி நெஞ்சைக் கீழே தள்ளுவதைவிட, எதுகையை விட்டுவிடுவது மேல்.

அடுத்தது, ‘நாடி தளரும்’ என்ற வரியைச் சட்டமாக எடுத்துக்கொள்வது. என் பாட்டிலும் அந்த வரி இருக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நிக்கோட்டினிக் தூண்டுதலாலும் ஆக்சிஜன் குறைவாலும் நாடி 120-க்கு மேல் ஓடும் நோயாளிகளும் வருவார்கள். கண்மணி சில நேரம் விரிந்தும் இருக்கும். ‘நாடி வேகமாக இருக்கிறதே, அட்ரோபின் வேண்டாம்’ என்று கையைக் கட்டிக்கொள்வது இங்கேதான் நடக்கிறது. நெஞ்சில் இரைச்சல் இருந்தால், நாடி 130 ஆனாலும் அட்ரோபின் வேண்டும். நுரையீரல் காய்ந்து ஆக்சிஜன் ஏறியதும் அந்த நாடி தானாக இறங்குவதுண்டு. அதேபோல ஆக்சிஜன் கொடுத்து முடித்த பிறகுதான் அட்ரோபின் என்று காத்திருக்கவும் தேவையில்லை. ஆக்சிஜன் சிலிண்டர் வரும்வரை ஊசியைத் தள்ளிப்போடுவதற்கு ஆதாரம் இல்லை.

‘அட்ரோபின் போடு’ என்று முடியும் பாட்டுகள் செய்யும் தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது. எவ்வளவு, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, எதுவரை என்று அவை சொல்வதில்லை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மோனோகுரோட்டோபாஸ் குடித்து வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயில் நுரை, இரண்டு பக்க நெஞ்சிலும் இரைச்சல், நாடி 52. நம் ஊரில் கிடைக்கும் அட்ரோபின் குப்பி பெரும்பாலும் 0.6 மில்லிகிராம். மூன்று குப்பிகளில், அதாவது 1.8 மில்லிகிராமில் தொடங்குகிறோம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் இரைச்சல் அப்படியே இருக்கிறது. அளவை இரட்டிக்கிறோம், 3.6. மறுபடி ஐந்து நிமிடம், இரைச்சல் சற்றுக் குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை, 7.2. அடுத்தது 14.4. அந்த ஊசிக்குப் பிறகு நெஞ்சு தெளிகிறது, நாடி 96-க்கு வருகிறது, அக்குள் காய்ந்திருக்கிறது.

கூட்டினால் 27 மில்லிகிராம். 45 குப்பிகள். கடைசி ஊசி போட்டது பதினைந்தாவது நிமிடத்தில். பத்து நிமிடத்துக்கு இரண்டு குப்பி என்ற பழைய கணக்கில் போயிருந்தால் இதே அளவை எட்ட மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்; அதற்குள் நோயாளி தன் நீரிலேயே மூழ்கியிருப்பார். இது வெறும் ஊகமல்ல. வங்கதேசத்தின் சிட்டகாங்கில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், பழைய முறையில் அட்ரோபின் பெற்றவர்களில் 22.5 சதவீதம் பேர் இறந்தார்கள். இரட்டித்துக்கொண்டே போய்ப் பிறகு சொட்டுமருந்தாகத் தொடர்ந்தவர்களில் 8 சதவீதம் பேர். பாட்டில் ‘ஐந்துக்கு ஒருமுறை அட்ரோபின் இரட்டு’ என்ற நான்கு சொற்களுக்காகத்தான் மற்ற வரிகளைச் சுருக்கினேன்.

இரட்டலை எப்போது நிறுத்துவது என்பதிலும் குழப்பம் உண்டு. கண்மணி விரியட்டும் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கண்மணி மெதுவாகத்தான் அசையும். பூச்சிமருந்து கண்ணில் தெறித்திருந்தால் நெஞ்சு தெளிந்த பிறகும் ஊசிமுனையாகவே நிற்கும். பார்க்க வேண்டியவை நெஞ்சு தெளிவு, நாடி 80-க்கு மேல், மேல் இரத்த அழுத்தம் 80-க்கு மேல், காய்ந்த அக்குள். இவற்றிலும் தலைமை நெஞ்சுக்கே. இங்கே ஒரு வரம்பைச் சொல்லியாக வேண்டும். வாந்தி புரையேறி நுரையீரலில் இறங்கியிருந்தால், ஒரு பக்க அடிப்பகுதியில் மட்டும் இரைச்சல் விடாமல் கேட்கும். எத்தனை குப்பி அட்ரோபின் போட்டாலும் அது போகாது. மற்ற இடமெல்லாம் தெளிந்து, அக்குள் காய்ந்து, நாடி ஏறிய பிறகும் அந்த ஒரு மூலைக்காக இரட்டிக்கொண்டே போவது தவறு.

நிறுத்துவது என்றால் இரட்டுவதை நிறுத்துவதுதான், அட்ரோபினையே அல்ல. மேலே பார்த்த 27 மில்லிகிராமில் பத்து முதல் இருபது சதவீதத்தை, அதாவது மணிக்கு 2.7 முதல் 5.4 மில்லிகிராம் வரை, சொட்டுமருந்தாக ஓடவிட வேண்டும். பாட்டைச் சொல்லிக்கொண்டே ‘நிறுத்து’ என்ற சொல்லோடு ஊசியைக் கீழே வைத்துவிட்டால், சற்று நேரத்தில் நெஞ்சு மறுபடி நிறையும். மறுபக்கம், நோயாளி உளறத் தொடங்கி, போர்வை நுனியைப் பிடுங்கிக்கொண்டு, உடல் சுட்டு, வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் குடலோசை கேட்காமல் இருந்தால், அட்ரோபின் மிஞ்சிவிட்டது என்று பொருள். அப்போது சொட்டை அரை மணி முதல் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, முன்பிருந்த வேகத்தில் எழுபது, எண்பது சதவீதத்தில் மறுபடி தொடங்க வேண்டும்.

பாம் விஷயத்தில் பாட்டுகள் காட்டும் உறுதி மருத்துவத்தில் இல்லை. மஹாராஷ்டிரத்தின் பாராமதியில் நடந்த 2006 ஆய்வு, அதிக அளவில் தொடர்ந்து கொடுத்தால் நல்ல பலன் என்றது. இலங்கையில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில் பாம் பெற்றவர்களிடம் இறப்பு குறையவில்லை. வித்தியாசத்துக்கு ஒரு காரணம் பாட்டின் கடைசி வரியில் இருக்கிறது. நஞ்சும் நொதியும் சேர்ந்த பிணைப்பு நேரமாக ஆக இறுகி, பாம் பிரிக்க முடியாத நிலைக்குப் போய்விடுகிறது. மோனோகுரோட்டோபாஸ், டைமெத்தோயேட் போன்ற டைமெத்தில் வகையில் பாதி நொதி சுமார் 3.7 மணி நேரத்தில் கைமீறிப் போகும். குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ் போன்ற டைஎத்தில் வகையில் அதற்குச் சுமார் 33 மணி நேரம் ஆகும். ஆகவே ‘போட்டால் சரியாகும்’ என்று எழுதாதீர்கள். என்ன மருந்து, எத்தனை மணிக்குக் குடித்தார் என்று கேட்கத் தூண்டும் வரியாக அது இருக்கட்டும். பூச்சிமருந்துப் புட்டியைக் கொண்டுவரச் சொல்வது அதற்காகவே.

கொடுப்பது என்று முடிவானால், உலக சுகாதார நிறுவனத்தின் அளவு கிலோவுக்கு 30 மில்லிகிராம். நம் நோயாளிக்கு 1,800 மில்லிகிராம். பிறகு மணிக்குக் கிலோவுக்கு 8, அதாவது 480 மில்லிகிராம். முதல் அளவை இருபது முதல் முப்பது நிமிடத்தில் ஏற்ற வேண்டும். ‘அரைமணி நேரம்’ என்று பாட்டில் வருவது இதைத்தான். ஒரே அழுத்தில் செலுத்தினால் வாந்தி, நாடி வேகம், இரத்த அழுத்த ஏற்றம், அரிதாக இதயமே நிற்பது வரை போகலாம். அட்ரோபினுக்கு மாற்றாக இதை நினைப்பதும் தவறு. முதலில் அட்ரோபின், அதனால்தான் பாட்டில் ‘தொடரட்டும்’.

கடைசியாக, கழுத்து. முதல் நாள் நன்றாகத் தேறி, பேசி, கஞ்சி கேட்ட நோயாளிக்கு 24 முதல் 96 மணி நேரத்துக்குள் தசைகள் தளர்ந்து மூச்சு நின்றுபோகலாம். இந்த இடைநிலைத் தளர்ச்சியை 1987-இல் இலங்கை மருத்துவர்கள் சேனநாயக்கவும் கரலியத்தவும் விவரித்து எழுதினார்கள். இதற்கு அட்ரோபின் எதுவும் செய்யாது, தேவைப்படுவது வெண்டிலேட்டர். நெஞ்சு தெளிவாக இருக்கும், எச்சில் இருக்காது, அதனால் பாட்டின் முதல் நான்கு வரிகளை மட்டும் வைத்துப் பார்ப்பவர் எல்லாம் சரி என்று எழுதிவிட்டுப் போவார். படுத்திருப்பவரிடம் ‘தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். தூக்கியதும் நெற்றியில் இரண்டு விரலை வைத்து மெதுவாக அழுத்துங்கள். தலை உடனே விழுந்தாலோ, தூக்கவே முடியவில்லை என்றாலோ, மூச்சுத் தசைகள் அடுத்த வரிசையில் நிற்கின்றன. ஆக்சிஜன் அளவு 98 என்று காட்டினாலும் அந்த நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து சாதாரண வார்டுக்கு மாற்றக் கூடாது. முதல் நான்கு நாட்களுக்கு, நாடியும் அழுத்தமும் எழுதும் அதே தாளில் ‘கழுத்து’ என்று ஒரு பத்தி போட்டு, ஒவ்வொரு முறையும் நிரப்ப வேண்டும்.